கேப்பையும் பயறும் முளைகட்டினால் மகளுக்கு இரும்புச்சத்து ஏறுமா? (எச்.பி. 9.4)

கல்குளம்_அம்மா
எல்லோருக்கும் வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தின்றால் வயிறு பிரட்டுகிறது என்று பாதி நாள் அவள் தின்பதே இல்லை. தலையணை உறைக்குள் எட்டு மாத்திரை கிடந்தது, நேற்றுதான் பார்த்தேன்.

அதனால் சாப்பாட்டிலேயே ஏற்றிவிடலாம் என்று இரண்டு மாதமாக எல்லாவற்றையும் முளைகட்டுகிறேன். ஞாயிறு வந்தால் கேப்பை இரண்டு கிலோ ஊறவைத்து, துணியில் கட்டி, மாடியில் காயவைத்து, மில்லில் திரிக்கிறேன். காலையில் அந்த மாவில் பால் ஊற்றிக் கூழ், கூடவே ஒரு சாயா. சாயா இல்லாமல் அவளால் புத்தகத்தைத் தொட முடியாது. மாலையில் முளைகட்டிய சிறுபயறு, தேங்காய் போட்டு. இரவு கஞ்சியும் பெரும்பயறும், மீன் இருந்தால் மீன்.

இவ்வளவு செய்தும் இரண்டு பிரச்சினை. பெரும்பயறு தின்ற இரவெல்லாம் வயிறு ஊதி உறங்க முடியவில்லை என்கிறாள். மாமியோ, "ஊறப்போட்ட வெள்ளத்தக் கொட்டாத பிள்ளே, சத்தெல்லாம் அதிலதான் இருக்கு" என்று அதே வெள்ளத்தில் வேகவைக்கச் சொல்கிறார். கொட்டணுமா, கூடாதா? இந்த முளைகட்டும் பாட்டினால் உண்மையில் எவ்வளவு பயன்? வேலைக்கும் போய்வந்து ஞாயிறு முழுக்க இதிலேயே கழிகிறது.

இயற்கைவழி_தோழர்
அக்கா, நீங்கள் செய்வது ரொம்பச் சரி, விட்டுவிடாதீர்கள். தானியம், பயறு எல்லாவற்றிலும் பைட்டிக் அமிலம் என்று ஒரு விஷம் இருக்கிறது. அது இரும்பு, துத்தநாகம், சுண்ணாம்புச் சத்து எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்தால் முழுக்க வெளியேறிவிடும். அதனால் தண்ணீரைக் கட்டாயம் கொட்டுங்கள். ஊறவைக்காத பருப்பை நான் வீட்டில் சமைக்கவே விடுவதில்லை.

இன்னொன்று, காலையில் கூழுக்குப் பதிலாகப் பழங்கஞ்சி கொடுங்கள். நூறு கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருக்கிற இரும்பு, ஒரு இரவு ஊறினால் 73.91 மில்லிகிராம் ஆகிறது. ஆய்வு செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள். மாத்திரையே வேண்டாம்.

குளச்சல்_வலைக்காரன்
பெரும்பயறு எனக்கும் எதிரிதான். இருபது வருசம் கடலுக்குப் போனவன், கட்டுமரத்தில் வயிறு ஊதினால் படும் பாடு எனக்குத்தான் தெரியும். எங்க அம்மா ஒரு வழி செய்வாள். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் அந்த வெள்ளத்தை வாழை மூட்டில் கொட்டிவிட்டு, புது வெள்ளம் வைத்து ஒரு கொதி விடுவாள். மேலே நுரை கட்டும். அதையும் கொட்டி, மூணாவது வெள்ளத்தில்தான் பயறு வேகும். ஒரு பல் பூண்டும் கொஞ்சம் இஞ்சியும் தட்டிப் போடுவாள். அப்படித் தின்றால் எனக்கு ஒன்றும் செய்யாது. இரும்பு கதை எனக்குத் தெரியாது, அது படித்தவர்கள் சொல்லட்டும்.

பழைய_ஆய்வகம்
முப்பது வருடம் உணவு வேதியியல் சொல்லிக்கொடுத்தேன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். கல்குளம் அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஊறவைப்பது ஒன்றுக்கு நன்றாக வேலை செய்கிறது, இன்னொன்றுக்குக் கொஞ்சம்தான். அதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் பாதி மிச்சமாகும்.

முதலில் வயிற்று ஊதல். பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் என்று சில சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது. அதனால் அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் கிருமிகளுக்கு அது விருந்து, அவை தின்று காற்றை விடுகின்றன. இந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரையும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் அவற்றில் ஒரு பங்கு அதோடு போகும். கொதிக்கவைத்தும் கொட்டினால் இன்னும் ஒரு பங்கு போகும். குளச்சல் அண்ணனின் அம்மா செய்தது அதுதான், அவர் வழியே சரியான வழி. பயறு முளைவிடும்போது தன் வளர்ச்சிக்கு இதே சர்க்கரைகளைத்தான் முதலில் தின்கிறது. அதனால்தான் முளைகட்டிய சிறுபயறு உங்கள் மகளுக்குத் தொந்தரவு தரவில்லை, வெறுமனே ஊறிய பெரும்பயறு தருகிறது. மாமி சொல்கிறபடி அதே வெள்ளத்தில் வேகவைத்தால் கரைந்ததெல்லாம் திரும்பக் குழம்புக்குள்தான் வரும்.

மாமி சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கரையும் பி விட்டமின்களில், குறிப்பாக ஃபோலேட்டில், கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போகும். முழுப்பயறுக்கு, வயிறு ஊதுகிற வீட்டில், கொட்டிவிடுங்கள். இட்லிக்கு ஊறப்போட்ட உளுந்துக்குக் கொட்ட வேண்டியதில்லை. நன்றாகக் கழுவி ஊறவைத்தால் அதே தண்ணீரில் ஆட்டலாம்.

இரும்புக் கணக்கைச் சாயந்திரம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளம்.

தக்கலை_புதுசு
டீச்சர், உளுந்து என்று சொன்னதும் கேட்கிறேன். எனக்கு மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. ஆடி மழையில் பன்னிரண்டு மணி நேரம் வைத்தும் அப்படியே கிடக்கிறது. முளைகட்டிய உளுந்து போட்டால் பொங்குமா?

பழைய_ஆய்வகம்
அது வேறு கேள்வி மகளே, ஆனாலும் சொல்கிறேன். முளைகட்ட வேண்டாம், வழவழப்புப் போய்விடும், இட்லி தட்டையாகும். புது உளுந்தா என்று பாருங்கள். மாவைக் கையால் கலக்குங்கள். மழை நாளில் அணைத்த அடுப்பின் பக்கத்தில் பாத்திரத்தை வையுங்கள்.

பழைய_ஆய்வகம்
இப்போது இரும்பு. பைட்டிக் அமிலம் விஷம் இல்லை. விதை தன் பாஸ்பரஸைச் சேர்த்துவைக்கும் பெட்டி அது. நம் குடலில் அது இரும்பைப் பிடித்துக்கொள்கிறது என்பது உண்மை. அது பன்னிரண்டு மணி நேர ஊறலில் முழுக்கப் போகும் என்பதுதான் தவறு. வெறும் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் பெரும்பாலான பயறுகளில் குறைவது பத்திலிருந்து முப்பது சதவீதத்துக்குள்தான். முளைகட்டினால் இன்னும் குறையும். சாதாரணமாக வேகவைப்பதில் அது அசையாது.

கேப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிராமில் ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் இரும்பும், 300 மில்லிகிராம் அளவுக்குப் பைட்டிக் அமிலமும் இருக்கின்றன. எடையில் பார்க்காமல் எண்ணிக்கையில் பார்த்தால், ஒரு இரும்பு அணுவைப் பிடிக்க ஐந்தாறு பைட்டிக் மூலக்கூறு நிற்கிறது. ஒரு பிள்ளையை ஆறு பேர் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி. நீங்கள் பாடுபட்டு முளைகட்டிப் பாதியைக் குறைத்தாலும் மூன்று பேர் மிச்சம். பிள்ளை இன்னும் ஓட முடியாது. இரும்பு தாராளமாக விடுபட வேண்டுமானால் ஒன்றுக்கு ஒன்று என்பதற்கும் கீழே போக வேண்டும். வீட்டில் ஊறவைப்பதால் மட்டும் அது நடப்பதில்லை.

ஆனால் பிடித்திருப்பவர்களை விரட்டாமலே பிள்ளையை வெளியே கொண்டுவர வேறு வழி இருக்கிறது. விட்டமின் சி அதே சாப்பாட்டில் இருந்தால், பைட்டிக் அமிலம் இருக்கும்போதே இரும்பு குடலுக்குள் போகும். மீனும் அப்படித்தான். நெத்திலி, சாளை எது இருந்தாலும் அதே தட்டில் இருக்கும் பயறின் இரும்பு கூடுதலாகச் சேரும். இதற்கு நேர் எதிர், சாயா. அதில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் பயறு, தானியத்தின் இரும்பைப் பாதிக்கு மேல் தடுத்துவிடக்கூடியவை. கேப்பைக்கே கொஞ்சம் துவர்ப்பு உண்டு, அதன் மேல் சாயாவும் சேர்கிறது. பாலின் சுண்ணாம்புச் சத்தும் ஓரளவு தடுக்கும்.

அதாவது, ஞாயிறு முழுவதும் முளைகட்டி நீங்கள் சேர்த்ததைத் திங்கள் காலையில் ஒரு சாயா திரும்பக் கொண்டுபோகிறது. முளைகட்டுவதை நிறுத்துவதற்கு முன்னால் அந்தச் சாயாவை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்.

கல்குளம்_அம்மா
டீச்சர், இதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்காகத்தான் சாயாவையும் நானே போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் ஒன்று. முளைகட்டிய மாவில் கூழ் கிண்டினால் கெட்டியாகவே ஆவதில்லை. பழைய மாவில் ஒரு கப் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் போட்டால் கரண்டி நிற்கும். இதில் நான்கு போட்டாலும் நீராகவே ஓடுகிறது. மாவு கெட்டுவிட்டதா?

பழைய_ஆய்வகம்
கெடவில்லை. முளைவிடும்போது தானியத்துக்குள் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது. கூழ் சூடாகும்போது அது மாவுச்சத்தை வெட்டிவிடுகிறது, கெட்டித்தன்மை போகிறது. உங்கள் மாவு நன்றாக முளைத்தது என்பதற்கு இதுவே அடையாளம். கைக்குழந்தைக்கு இது பெரிய வரம், ஏனென்றால் சின்ன வயிற்றுக்கு நீர்மமாகவே அதிக மாவைக் கொடுக்கலாம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இதனால் பெரிய பயனும் இல்லை, கெடுதலும் இல்லை.

வடசேரி_மாவுமில்
கேப்பை திரித்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. முளைகட்டிக் கொண்டுவருகிறவர்களில் பாதிப்பேர் சரியாகக் காயவைக்காமல் கொண்டுவருகிறார்கள். நம்ம ஊரில் இரண்டு மழைக்காலம், காற்றிலேயே ஈரம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். நான் ஒரு பிடி எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பேன். 'டக்' என்று உடைய வேண்டும். நசுங்கினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த ஈரத்தோடு திரித்தால் கல்லில் ஒட்டும். மாவை டப்பாவில் அடைத்தால் பத்து நாளில் பூசணம்.

இன்னொரு குழப்பமும் வரும். துணியைப் பிரித்ததும் வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பயந்து கொட்டிவிடுகிறார்கள். பல தடவை அது பூசணம் இல்லை, வேரில் வரும் ரோமம். கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வேர் ரோமம் படிந்துவிடும், மணம் பச்சைப்புல் மாதிரி இருக்கும். பூசணம் படியாது, தானியத்துக்குத் தானியம் நூல் மாதிரி இழுக்கும். சாம்பல், பச்சை, கருப்பு நிறம் கண்டாலும் சரி, கையில் கொழகொழவென்று வந்தாலும் சரி, யோசிக்காமல் தென்னை மூட்டில் போடுங்கள். பூசணம் பிடித்ததைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவருகிறவர்களும் உண்டு, அதை நான் திரிக்க மாட்டேன்.

இயற்கைவழி_தோழர்
டீச்சர், மரியாதையோடு கேட்கிறேன். நம் தாத்தா பாட்டி பழங்கஞ்சி குடித்துத்தானே வயல் வேலை செய்தார்கள்? 73 மில்லிகிராம் என்று எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்களே, எல்லோருமா பொய் சொல்கிறார்கள்?

பழைய_ஆய்வகம்
எழுதினவர்கள் பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை தம்பி, ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்து எழுதுகிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். இரும்பு ஒரு தனிமம். கிருமி அதை உண்டாக்க முடியாது. சோற்றிலும் தண்ணீரிலும் பானையிலும் எவ்வளவு இரும்பு இருந்ததோ அவ்வளவுதான் காலையிலும் இருக்கும். 3.4 எப்படி 73 ஆகும்? அந்த 70 எங்கிருந்து வந்தது? இரும்புச் சட்டியில் புளித்திருந்தால் சட்டியிலிருந்து கொஞ்சம் கரையும். அது சட்டி கொடுத்தது, கஞ்சி கொடுத்தது அல்ல. நம் வீட்டு மீன் குழம்புக்கும் இதே கணக்கு. புளி ஊற்றிய குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் இரும்பு சேரும், மண்சட்டியில் சேராது.

புளிப்பதில் ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இருக்கிற இரும்பை உடலுக்கு எட்டும்படி ஆக்குவதில் புளிப்புக்கு நல்ல பங்கு இருக்கிறது. மைசூரில் இருக்கும் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அவர்கள் நம் சமையலையே எடுத்துச் சோதித்தார்கள். இட்லி மாவு புளித்தபின், குடலில் கிடைக்கக்கூடிய இரும்பின் அளவு புளிக்காத மாவைவிட மூன்று மடங்குக்கு மேல் போனது. தோசை மாவில் இரண்டு மடங்குக்கு மேல். துத்தநாகமும் கூடியது. டோக்ளா மாவில் அந்தப் பயன் தெரியவில்லை. முளைகட்டிய சிறுபயறிலும் கேப்பையிலும் இரும்பு கூடியது. ஆனால் துத்தநாகம் குறைந்தது. ஏன் குறைந்தது என்பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை.

இதெல்லாம் கண்ணாடிக் குடுவையில் செரிமானத்தைப் போலச் செய்து பார்த்தது, மனித உடலில் அளந்தது அல்ல. அதனால் மூன்று மடங்கு இரும்பு உங்கள் ரத்தத்தில் ஏறும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு. வெறும் ஊறலைவிட, முளைகட்டலைவிடப் புளிப்பு வலுவானது.

காரணமும் எளிது. விதைக்குள்ளேயே பைட்டிக் அமிலத்தை வெட்டும் ஒரு நொதி உண்டு, பைட்டேஸ் என்று பெயர். அதற்கு லேசான புளிப்பும் வெதுவெதுப்பும் வேண்டும். மாவு புளிக்கும்போது அந்தப் புளிப்பு வந்துவிடுகிறது, நொதி இரவு முழுவதும் வேலை செய்கிறது. வெறும் தண்ணீரில் அந்தப் புளிப்பு இல்லை. சோறு வெந்துவிட்டதால் அதன் நொதி செத்துவிட்டது. தவிர, தீட்டிய வெள்ளரிசியில் பைட்டிக் அமிலமே குறைவு, இரும்பும் குறைவு. அதனால் பழங்கஞ்சி வயிற்றுக்குக் குளுமையான நல்ல காலை உணவு, அவ்வளவுதான். 9.4-ஐ ஏற்றும் மருந்து இல்லை.

இயற்கைவழி_தோழர்
தனிமம் உண்டாகாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அந்தச் செய்தியை இனி அனுப்ப மாட்டேன். ஆனால் ஊறவைக்காத பயறு கெடுதல் என்ற என் நம்பிக்கை மாறவில்லை. எனக்கு உடம்பில் வித்தியாசம் தெரிகிறது.

பழைய_ஆய்வகம்
உங்களுக்கு வயிறு லேசாக இருப்பதைத்தான் வித்தியாசம் என்கிறீர்கள் என்றால் நான் மறுக்கவில்லை, அது உண்மையான பயன். உடைத்த துவரம்பருப்பையும் பாசிப்பருப்பையும் ஊறவைக்காமல் குக்கரில் வேகவைப்பவர்கள் எதையும் பெரிதாக இழப்பதில்லை என்றுதான் சொல்கிறேன். ராஜ்மா மட்டும் இதில் சேராது. அதை ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும்.

குழித்துறை_நர்ஸ்
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி, ஆனால் எனக்குக் கவலை அந்தத் தலையணை உறையில் இருந்த மாத்திரைதான். அக்கா, 9.4 என்பது சாப்பாட்டால் மட்டும் சரிப்படுத்தும் அளவு இல்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் இரும்பு சாப்பாட்டில் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சொல்கிறது. அது குறைவில்லாத பிள்ளைக்கான கணக்கு. உங்கள் மகள் முதலில் பழைய கடனை அடைக்க வேண்டும், அதை மாத்திரைதான் செய்யும்.

வயிறு பிரட்டுகிறது என்றால் வெறும் வயிற்றில் தருவதை நிறுத்தி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கும் முன் கொடுத்துப் பாருங்கள். பிரட்டல் குறையும், உறக்கத்தில் தெரியாது. பாலோடும் சாயாவோடும் வேண்டாம், எலுமிச்சை வெள்ளத்தோடு கொடுங்கள். மலம் கருப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். நிறையப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்துதான் நிறுத்துகிறார்கள், அம்மாவிடம் சொல்லவும் கூச்சம். அப்படியும் முடியவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், இப்போது அப்படியும் கொடுக்கிறார்கள். மாதவிடாயில் அதிகம் போகிறதா, பூச்சி மருந்து கொடுத்து எவ்வளவு நாள் ஆகிறது, இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓட்டை வாளியில் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது.

முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுக்கிறீர்களா? நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் பயறு முளைக்கும் அதே இடத்தில் கிருமியும் பெருகும். ஆவியில் வைத்துக் கொடுங்கள்.

கல்குளம்_அம்மா
ஆவியில் வைத்துத்தான் தாளிக்கிறேன். மாதவிடாய் ஏழு நாள் போகிறது என்று இன்று கேட்டபோதுதான் சொன்னாள். நான் கேட்டதே இல்லை. டாக்டரிடம் சொல்கிறேன். மிக்க நன்றி.

டீச்சர், சாப்பாட்டில் என்ன மாற்றட்டும், எளிதாகச் சொல்லுங்கள்.

பழைய_ஆய்வகம்
இருப்பதை இடம் மாற்றினால் போதும். காலையில் கூழில் பால் வேண்டாம், மோர் ஊற்றுங்கள். மோரிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு, ஆனாலும் அதன் புளிப்பு நமக்கு வேண்டும். மாவை முந்தின இரவே வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இரண்டு ஸ்பூன் மோர் விட்டு மூடி வையுங்கள். பச்சை மாவில் நொதி உயிரோடு இருக்கும், இரவில் வேலை செய்யும். இதற்காகத்தான் திரிப்பதற்கு முன் கேப்பையைச் சிவக்க வறுக்காதீர்கள் என்கிறேன். மணத்துக்காக வறுத்தால் நொதி செத்துவிடும். காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். கூடவே ஒரு கொய்யாத்துண்டோ பச்சை நெல்லிக்காயோ. சாயா பள்ளிவிட்டு வந்தபின், சாப்பாட்டில் இருந்து ஒரு மணி நேரம் தள்ளி. மாலைப் பயறை அடுப்பிலிருந்து இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் விட்டமின் சி வீணாகும்.

பெரும்பயறு இரவில் வேண்டாம், மதியம் மீனோடு வையுங்கள், குளச்சல் அண்ணன் வழியில் இரண்டு தடவை தண்ணீர் கொட்டி. விட்டமின் சி-யும் மீனும் தட்டில் வந்துவிட்டால் முளைகட்டல் வாரத்தில் ஒரு நாள் தவறினாலும் கவலைப்படாதீர்கள்.

குளச்சல்_வலைக்காரன்
நெத்திலி வாங்கும்போது கருவாடு வேண்டாம், பச்சை நெத்திலி வாங்குங்க. பிள்ளைக்கு உப்பு வேண்டாமே.

கல்குளம்_அம்மா (ஆறு வாரம் கழித்து)
நேற்று ரத்தம் பார்த்தோம். 10.9. மாத்திரை இரவில் எலுமிச்சை வெள்ளத்தோடு கொடுத்தேன், ஒன்றும் பிரட்டவில்லை. பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். மாதவிடாய்க்கும் டாக்டர் தனியாகப் பார்க்கிறார். பெரும்பயறு மூன்றாவது வெள்ளத்தில் வேகவைத்ததில் வயிறு ஊதல் போய்விட்டது. மாமி மட்டும் வெள்ளத்தைக் கொட்டும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்கிறார். இப்போது அவருக்காக ஒரு பாத்திரம் தனியாக வைத்து, அந்த வெள்ளத்தை முருங்கைக்கு ஊற்றுகிறேன்.

கேப்பைக் கூழும் நெல்லிக்காயும்தான் ஏற்றியது என்று பக்கத்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பழைய_ஆய்வகம்
ரொம்பச் சந்தோஷம். ஆனால் பக்கத்து வீட்டில் மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு வாரத்தில் ஒன்றரை ஏறுவது மாத்திரை ஒழுங்காகச் சேர்ந்ததன் அடையாளம். சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்று இதிலிருந்து பிரிக்க முடியாது. 12 வந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சேமிப்பும் நிறைய வேண்டும், எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும். சாப்பாட்டின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பம், திரும்பக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது.

கல்குளம்_அம்மா
சரி டீச்சர், மாத்திரையையும் சொல்கிறேன். ஒரு சந்தேகம். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மாடியில் மூன்று நாளாகக் கேப்பை காயவில்லை, நேற்று ஒரு மாதிரி மணம் வந்தது, மாவுமில் அண்ணன் சொன்னபடி கொட்டிவிட்டேன். மழை முடியும் வரை என்ன செய்வது?

வடசேரி_மாவுமில்
என் தொழிலுக்கு நஷ்டம்தான், ஆனாலும் சொல்கிறேன். மழைக்காலத்தில் மாவாக்காதீர்கள். வாரத்துக்கு மூன்று டம்ளர் கேப்பை மட்டும் ஊறவையுங்கள். காலையில் ஊறப்போட்டு ராத்திரி வடித்துத் துணியில் கட்டினால் அடுத்த நாள் ராத்திரிக்குள் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். அது போதும், நீள முளை வேண்டாம். அந்த ஈரத்தோடேயே ஒரு டம்ளர் உளுந்து சேர்த்துக் கிரைண்டரில் ஆட்டிவிடுங்கள். கேப்பையின் தோல் கடினம், கொஞ்சம் நேரம் கூட ஓட்ட வேண்டும். விரலில் தேய்த்தால் மணல் தெரியக்கூடாது. காலையில் பொங்கியிருக்கும், தோசை சுடலாம். என் வீட்டில் மழை மாதம் முழுக்க இதுதான்.

பழைய_ஆய்வகம்
இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஊறலும் முளையும் புளிப்பும் ஒன்றாக வந்துவிட்டன, காயவைக்கும் தொல்லையும் இல்லை. தொட்டுக்கொள்ள நெல்லிக்காய்ச் சட்னி அரையுங்கள், வதக்காமல் பச்சையாக.

தக்கலை_புதுசு
மாவுமில் அண்ணே, உளுந்து ஒன்றுக்கு மூன்று கேப்பை என்றால் இட்லியும் வருமா, தோசை மட்டும்தானா?

வடசேரி_மாவுமில்
இட்லிக்கு உளுந்து இன்னும் அரை டம்ளர் கூட்டணும். முதல் தடவை தோசையே சுடுங்க மோளே, கல் நல்லா காயட்டும், இல்லைனா ஒட்டும்.